ஜி.எம். அனுப்பிய ஒரு வார ஃபார்வர்டுகளை ஒரு பக்கப் பட்டியலாக்குவது எப்படி?

பெங்களூரு பீன்யாவில் ஒரு நடுத்தர உதிரிபாகத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மேனேஜர் வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார், மீதி நாள் மீட்டிங்கில். வருகிற மெயிலைக் கைபேசியில் பார்த்த கையோடு, மேலே ஒரு வரி தட்டியோ தட்டாமலோ ஒருங்கிணைப்பாளருக்கு ஃபார்வர்டு செய்துவிடுவார். சனிக்கிழமை மாலை அவர் கேட்பது ஒன்றுதான்: "நான் என்னென்ன செய்யணும்னு வரிசையா ஒரு பக்கத்துல கொடுத்துரும்மா."

இந்த வேலையில் புதிதாக உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். விளக்கத்துக்காக 2025 ஜூன் 9 திங்கள் முதல் 14 சனி வரையிலான வாரத்தை வைத்து ஒரு மாதிரி அமைத்திருக்கிறேன். ஆட்களும் மெயில்களும் கற்பனை. ஆனால் இப்படிப்பட்ட மெயில்கள்தான் இந்த மாதிரி ஆபீஸ்களில் நாள்தோறும் வருகின்றன.

புதியவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு மெயிலையும் திறந்து, அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி, முப்பது மெயிலுக்கு அறுபது வரி அனுப்பிவிடுவார்கள். அதை வாசித்து முடித்தாலும் ஜி.எம்.முக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. அவர் கேட்டது மெயில்களின் சுருக்கம் இல்லை, தன் கையில் நிற்கும் வேலைகள். ஒரே மெயிலில் மூன்று வேலை இருக்கலாம். ஐந்து மெயில் சேர்ந்து ஒரே வேலையாகவும் இருக்கலாம். அதனால் மெயில்களை எண்ணுவதை விட்டுவிட்டு, கேட்கப்பட்டவை எவை என்று தேடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது

இன்பாக்ஸைக் கண்ணால் மேய்ந்து பொறுக்காதீர்கள், கட்டாயம் ஒன்றிரண்டு விட்டுப்போகும். தேடுபெட்டியில் இப்படிக் கொடுங்கள்:

```
from:gm@example.com after:2025/06/08 before:2025/06/15
```

ஜிமெயிலிலிருந்து போகும் ஃபார்வர்டின் தலைப்பில் Fwd: என்று வரும், அவுட்லுக்கிலிருந்து போவதில் FW: என்று வரும். அதை வைத்துத் தேடலைக் குறுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அவசரத்தில் தலைப்பை மாற்றி அனுப்பியதும், பழைய மெயிலின் வரிகளை வெட்டி ஒட்டிப் புது மெயிலாக அனுப்பியதும் அந்த வலையில் சிக்காது. அனுப்பியவர் பெயரும் தேதியும் போதும். தொடக்கத் தேதியை ஒரு நாள் முன்னால் வைத்ததும் வேண்டுமென்றேதான். ஞாயிறு இரவு வரும் ஃபார்வர்டு எந்த வாரத்திலும் சேராமல் தொங்கும் வகை.

கூடவே போன வாரப் பட்டியலையும் திறந்து வையுங்கள். அதில் முடியாமல் நிற்பவைதான் இந்த வாரத்தின் முதல் வரிகள். அவற்றைப் பற்றி இந்த வாரம் மெயிலே வராமல் இருந்தாலும் வேலை அப்படியேதான் நிற்கிறது.

பிறகு எக்செல்லில் ஆறு பத்தி போதும்: எந்தத் தொடர், கேட்டவர் யார், என்ன கேட்டார், யார் செய்ய வேண்டும், கெடு எப்போது, இப்போது எந்த நிலை. இது உங்களுக்கு மட்டுமான தாள், ஜி.எம்.முக்குப் போகாது. ஆனால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இதில் இருக்க வேண்டும். "இதை யார் எப்போ கேட்டாங்க?" என்று அவர் போனில் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்ல முடிய வேண்டும்.

அடியிலிருந்து மேலே வாசிப்பது

ஃபார்வர்டு தொடரின் மேல்பகுதியில் கடைசியாகப் பேசியவர் இருப்பார். முதலில் கேட்டவர் அடியில் கிடப்பார். எனவே கீழே போய் முதல் மெயிலிலிருந்து மேலே ஏறி வாருங்கள். ஏறும்போது ஒவ்வொரு மெயிலிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே யாராவது யாரிடமாவது எதையாவது கேட்டார்களா, அல்லது எதையாவது செய்வதாக ஒப்புக்கொண்டார்களா? வணக்கம், நன்றி, இணைத்திருக்கிறேன் என்பவற்றைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் தேதி. "நாளைக்குள் அனுப்புங்கள்" என்று ஒரு மெயில் சொன்னால், எந்த நாளுக்கு நாளை? அது எழுதப்பட்ட நாளுக்குத்தான், உங்களுக்கு ஃபார்வர்டு ஆன நாளுக்கு அல்ல. செவ்வாயன்று எழுதிய மெயில் வியாழனன்று உங்களிடம் வந்திருந்தால், அந்த "நாளை" ஏற்கெனவே தாண்டிவிட்டது. அதனால் நாளை, இந்த வாரக் கடைசி, இன்னும் பத்து வேலை நாள் போன்ற எதையும் தாளில் அப்படியே எழுதாதீர்கள். மூல மெயிலின் தேதியைப் பார்த்து, கிழமையும் தேதியுமாக மாற்றி எழுதுங்கள். மெயில் வெளிநாட்டிலிருந்து வந்தால் நேரத்தையும் மாற்ற வேண்டும். ஜூனில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அவர்களுடைய மாலை 5 மணி நமக்கு இரவு 8.30. நியூயார்க்கின் மாலை 5 மணியோ நமக்கு மறுநாள் அதிகாலை 2.30. அமெரிக்கர்கள் 03/07 என்று எழுதினால் அது மார்ச் 7. நம் ஆட்கள் எழுதினால் ஜூலை 3.

இணைப்பு விஷயம் ஒன்று. மெயிலுக்குப் பதில் போடும்போது, அதில் வந்த இணைப்பு பதிலோடு போகாது. ஃபார்வர்டு செய்தால் போகும், ஆனால் ஃபார்வர்டு செய்யும் அந்த ஒரு மெயிலில் இருக்கும் இணைப்பு மட்டுமே. ஆக, முதல் மெயிலில் வந்த கொட்டேஷனுக்கு நாலு பேர் பதில் எழுதி, கடைசிப் பதிலை ஜி.எம். உங்களுக்குத் தள்ளிவிட்டால், "இணைத்துள்ள கொட்டேஷனைப் பாருங்கள்" என்ற வரி இருக்கும், கொட்டேஷன் இருக்காது. அதை ஜி.எம்.மிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அந்தத் தொடரில் பெயர் உள்ள பர்ச்சேஸ்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு தொடரை அருகில் வைத்துப் பார்ப்போம்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர். நாம் அனுப்பிய ஒரு புஷ்ஷின் உள்விட்டம் அளவு மீறியிருக்கிறது என்று ஜூன் 10 செவ்வாயன்று புகார் எழுதுகிறார். இப்படிப்பட்ட புகாருக்கு 8டி என்ற எட்டுப் படி அறிக்கை கொடுப்பது வாகனத் தொழிலில் வழக்கம். அதில் மூன்றாவது படியான டி3, பழுதான சரக்கு மேலும் பரவாமல் உடனே எடுத்த தற்காலிக நடவடிக்கை. அவர் கேட்டது: டி3 வெள்ளிக்குள், முழு 8டி பத்து வேலை நாளில்.

ஜி.எம். இதை அன்றிரவே உங்களுக்கு ஃபார்வர்டு செய்கிறார். மேலே "குவாலிட்டியோட பேசு" என்று ஒரு வரி. வியாழனன்று அதே தொடர் மறுபடி வருகிறது, குவாலிட்டி மேனேஜர் டி3 அனுப்பிவிட்டதாக எழுதிய பதிலோடு. வெள்ளி மாலை மூன்றாவது தடவை வருகிறது. மேலே வெறும் "எஃப்ஒய்ஐ". தகவலுக்குத்தான் என்கிறார்.

மூன்றையும் தனித்தனியாக எழுதினால் பட்டியலில் மூன்று வரி வீண். கடைசியில் வந்ததில் எஃப்ஒய்ஐ இருக்கிறதே என்று திறக்காமல் விட்டால் அதைவிடப் பெரிய கேடு. ஏனென்றால் வாடிக்கையாளரின் அந்த வெள்ளிக்கிழமை மெயிலில், டி3 கிடைத்தது நன்றி என்று தொடங்கி, மூன்றாவது பத்தியில் இப்படி வருகிறது: எங்கள் கிடங்கில் இருக்கும் 2,400 பீஸ்களையும் வெளி ஆட்களை வைத்துத் தரம் பிரிக்க வேண்டியிருக்கிறது, மணிக்கு 35 யூரோ, சுமார் 20 மணி நேரம் ஆகும், செலவை நீங்கள் ஏற்பதைச் செவ்வாய்க்குள் உறுதிப்படுத்துங்கள்.

700 யூரோவுக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் குவாலிட்டி மேனேஜருக்கு இல்லை. ஜி.எம். கைபேசியில் முதல் வரியைப் பார்த்துவிட்டு, நல்ல செய்தி என்று தள்ளிவிட்டிருக்கிறார். இந்த வாரம் முழுவதும் அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைகளில் ஒன்று, அவரே தகவல் என்று குறித்த மெயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எஃப்ஒய்ஐ என்று வந்தவற்றைக் கடைசிப் பத்தி வரை வாசியுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

தேதியைக் கணக்கிடுவோம். செவ்வாய் என்றால் ஜூன் 17, ஜெர்மனி ஆபீஸ் மூடும்போது நமக்கு இரவு 8.30. அன்று தவறினால் புதன் ஒரு நாள்தான் மிச்சம். வியாழன் ஜூன் 19 அந்த மாநிலத்தில் பண்டிகை விடுமுறை, வெள்ளியன்றும் பலர் லீவு போட்டுவிடுவார்கள். அந்த வாரத்தோடு போச்சு. முழு 8டிக்கான பத்து வேலை நாள் கணக்கில் அந்த விடுமுறையைச் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பம் வரும்: விட்டால் ஜூன் 25, சேர்த்தால் 24. இப்படிச் சந்தேகம் வந்தால் முந்தைய தேதியைத் தாளில் எழுதுங்கள்.

இன்னும் நிற்கிறதா என்று கேட்பது

ஃபார்வர்டு என்பது அது அனுப்பப்பட்ட நிமிடத்தின் நிலவரம் மட்டும்தான். அதன் பிறகு அந்தத் தொடரில் என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஜி.எம். கார் ஏறிய பிறகு தானே பதில் போட்டிருக்கலாம். அக்கவுன்ட்ஸ் வேலையை முடித்துவிட்டிருக்கலாம். முடிந்துபோன வேலை இரண்டு தடவை பட்டியலில் வந்தால் மூன்றாவது வாரம் அவர் அதைத் திறக்கவே மாட்டார்.

அதனால் சனிக்கிழமை மதியம், பட்டியல் எழுதுவதற்கு முன், ஒவ்வொரு துறைக்கும் ஒரு போன் போடுங்கள். அந்தத் துறை சம்பந்தமான வரிகளை எல்லாம் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரே தடவையில் கேட்டுவிட வேண்டும். பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணா, ஜெர்மன் புகாருக்கு டி3 போயாச்சு, சரி. தரம் பிரிக்கிற செலவுக்கு யாராவது பதில் போட்டாங்களா?"

"இல்லம்மா. அது காசு விஷயம், நான் எழுத முடியாது. சார்தான் சொல்லணும். ஆனா அம்பது மணி நேரம்னு பில் போட்டுருவாங்க, ஒரு உச்சவரம்பு வெச்சு ஒத்துக்கச் சொல்லு."

இந்த ஒரு போனில் மூன்று விஷயம் தெரிந்தது: வேலை இன்னும் நிற்கிறது, ஜி.எம்.தான் செய்ய வேண்டும், துறைத் தலைவரின் யோசனை இது. மூன்றாவதுதான் ஜி.எம்.முக்கு அதிகம் உதவும். "என்ன செய்யலாம்?" என்ற கேள்வியோடு வரும் வரியைவிட, "இப்படிச் செய்யலாம் என்கிறார்கள், சரியா?" என்று வரும் வரிக்கு அவர் உடனே பதில் போடுவார்.

யாருடைய வேலை?

சேர்த்தவற்றை மூன்றாகப் பிரியுங்கள். முடிந்தவை, வெறும் தகவல்கள் ஒரு பக்கம். அவை பட்டியலுக்கு வராது. மற்றவர்கள் செய்ய வேண்டியவை இன்னொரு பக்கம். மிச்சம் இருப்பவைதான் அவருடையவை.

அவருடையதா என்று தெரிந்துகொள்ள நான்கு அடையாளம் உண்டு. அவர் கையெழுத்து வேண்டும். அல்லது மற்றவர்களின் வரம்பைத் தாண்டிய பணம். அல்லது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கு. அல்லது இரண்டு துறைகள் ஒத்துப்போகாமல் அவரிடம் வந்து நிற்பது. இந்த நான்கில் ஒன்றுகூட இல்லையென்றால் அது அநேகமாக வேறு யாராவது செய்யக்கூடிய வேலை. ஜூன் 20க்குள் போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி பற்றி ஆடிட்டர் அனுப்பிய நினைவூட்டல் பெரிய விஷயம்தான், ஆனால் அதைச் செய்வது அக்கவுன்ட்ஸ். அது பட்டியலின் அடியில் "மற்றவர்கள் கையில்" என்ற பகுதியில் ஒரு வரியாக, பெயரோடும் தேதியோடும் வந்தால் போதும்.

வரிசைப்படுத்துவது

இங்கேதான் உங்கள் தீர்மானம் வேண்டும். மெயிலில் எத்தனை தடவை "அவசரம்" என்று இருக்கிறது, சிவப்புக் குறி இருக்கிறதா, அனுப்பியவர் எவ்வளவு பெரிய பதவி என்பதை எல்லாம் ஒதுக்கி வையுங்கள். நம் மாதிரி வாரத்தில் அதிகம் கத்தியது சேல்ஸிலிருந்து வந்த மெயில், கண்காட்சி பிரோஷருக்குப் படம் தேர்வு செய்யச் சொல்லி. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து. கண்காட்சி ஆகஸ்ட் கடைசியில், அச்சகத்துக்கு இரண்டு வாரம் போதும். ஜூலையில் சொன்னால்கூட ஒன்றும் கெடாது.

மிக மெதுவாகப் பேசியது ஒரு முலாம் பூசும் சிறு பட்டறைக்காரர். "சார், நேரம் கிடைக்கும்போது எங்கள் பில்லைக் கொஞ்சம் பாருங்கள்" என்று இரண்டு வரி. பில் 2.6 லட்சம். நாம் சரக்கை ஏற்றுக்கொண்ட நாள் மே 6. அவர் உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனம். அப்படிப்பட்டவர்களுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கச் சட்டம் இடம் தராது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் மாதக் கூட்டுவட்டி. மே 6லிருந்து 45 நாள் என்றால் ஜூன் 20. நம் ஆபீஸில் பணம் அனுப்பும் நாள் புதன். ஆகவே ஜி.எம். ஒப்புதல் செவ்வாய் மாலைக்குள் வந்தாக வேண்டும். மெயிலில் தேதியே இல்லாத ஒரு வேலைக்கு இப்படித்தான் கெடு பிறக்கிறது.

பின்னாலிருந்து கணக்கிடுவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இன்னொன்றிலும் செய்து பார்ப்போம். கம்பி இரும்பு வாங்க இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது, பர்ச்சேஸ் ஜி.எம்.மின் முடிவுக்குக் காத்திருக்கிறது. சப்ளையர் மெயிலில் விலை ஜூன் 20 வரை செல்லும் என்று இருக்கிறது. அதை நம்பி 20 என்று எழுதிவிடக் கூடாது. ஸ்டோர்ஸைக் கேட்டால், கையில் இருக்கும் சரக்கு ஜூலை 1 மாலையோடு தீர்ந்துவிடும். ஜூலை 2 காலை லேத்துக்குப் புதுக் கம்பி வேண்டும். வந்த சரக்கைச் சோதிக்க இரண்டு நாள் ஆகும், ஆகவே ஜூன் 30க்குள் வர வேண்டும். ஆர்டர் கொடுத்து வந்து சேர 14 நாள். அப்படியானால் ஆர்டர் போக வேண்டிய நாள் ஜூன் 16, திங்கள். மெயில் சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்னால்.

ஒவ்வொரு வேலைக்கும் இப்படி உண்மையான கடைசி நாளைக் கண்டுபிடித்த பிறகு, அந்த நாள்படியே அடுக்குங்கள். ஒரே நாளில் இரண்டு வந்தால், எது தாமதமானால் அதிகம் பேர் சும்மா நிற்பார்கள் என்று பாருங்கள். அதுவும் சமம் என்றால், பிறகு சரிசெய்யவே முடியாதது எது என்று பாருங்கள். திங்கள் 16 அன்று கம்பி ஆர்டரோடு இன்னொன்றும் இருக்கிறது. சிஎன்சி புரோகிராமர் வேலைக்குத் தேர்வான ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய நியமனக் கடிதம். அவர் கையில் வேறொரு வேலை இருக்கிறது, திங்கள் மாலை வரைதான் காத்திருப்பேன் என்று எச்.ஆருக்கு எழுதியிருக்கிறார். கம்பி தீர்ந்தால் லேத்துகள் எல்லாம் நிற்கும், எனவே அது முதலில். ஆள் போனால் இன்னொருவரைத் தேட வேண்டும், அது இரண்டாவது.

உயர், நடு, தாழ் என்று வண்ணம் பூசும் பழக்கம் பல ஆபீஸ்களில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எல்லாமே சிவப்பாகி நிற்பதுதான் வழக்கமாக நடக்கிறது. கிழமை போட்டால் சண்டையே இல்லை.

பட்டியலுக்கு வரக்கூடாத ஒரு மெயில்

அந்த வாரம் வந்த ஃபார்வர்டுகளில் ஒன்று, பழைய சப்ளையர் ஒருவரின் பெயரில் வந்தது. எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அடுத்த தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று. ஜி.எம். மேலே "அக்கவுன்ட்ஸுக்குச் சொல்லிடு" என்று எழுதியிருக்கிறார்.

இதை அப்படியே அக்கவுன்ட்ஸுக்குக் கடத்தினால், மேனேஜரே சொன்னதாக ஆகி, பணம் போய்விடும். ஃபார்வர்டு தொடரில் பெயரைத் தாண்டி முகவரியைப் பாருங்கள். டொமைனில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். சில சமயம் ஃபார்வர்டில் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி தெரியாது. அப்போது மூல மெயிலை இணைப்பாக ஃபார்வர்டு செய்யும்படி ஜி.எம்.மிடம் கேளுங்கள். ஜிமெயில், அவுட்லுக் இரண்டிலும் அந்த வசதி உண்டு, அதில் முழுத் தலைப்பு விவரமும் வரும். முகவரி சரியாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது, அந்தச் சப்ளையரின் மெயில் கணக்கே களவு போயிருக்கலாம். பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்கு அக்கவுன்ட்ஸ் போன் செய்து உறுதிப்படுத்தும் வரை எதுவும் மாறக் கூடாது. அந்த மெயிலிலேயே கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். பட்டியலில் இது வேலையாக வராது, எச்சரிக்கையாக வரும்.

வரியை எழுதுவது

"ஜெர்மன் புகார், ஃபாலோ-அப் தேவை" என்று எழுதினால் அவர் மெயிலைத் தோண்ட வேண்டும். அவரைத் தோண்டவிடாமல் இருப்பதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். ஒரு வரியில் கெடு, அவர் செய்ய வேண்டியது, முடிவெடுக்கத் தேவையான ஒரே ஒரு எண், துறையின் யோசனை இவ்வளவும் இருக்க வேண்டும். பின்கதை வேண்டாம். வரியின் தொடக்கத்திலேயே செயல் தெரியட்டும்: கையெழுத்து, ஒப்புதல், தேர்வு, பதில்.

நம் மாதிரி வாரத்தின் பட்டியல் இப்படி முடியும்:

*திங்கள் 16*
1. தேர்வு: கம்பி இரும்பு, இரண்டு கொட்டேஷனில் ஒன்று. மதியத்துக்குள் ஆர்டர் போகாவிட்டால் ஜூலை 2 லேத் நிற்கும். பர்ச்சேஸ் சொல்வது முதல் சப்ளையர். கிலோவுக்கு 2 ரூபாய் அதிகம், ஆனால் 14 நாளில் தருவார். மற்றவருக்கு 21 நாள்.
2. கையெழுத்து: சிஎன்சி புரோகிராமர் நியமனக் கடிதம், மாலை 5க்குள். சம்பளம் நீங்கள் பேசி முடித்ததே.

*செவ்வாய் 17*
3. பதில்: ஜெர்மன் வாடிக்கையாளருக்கு, தரம் பிரிக்கும் செலவு 700 யூரோ. குவாலிட்டி சொல்வது: 20 மணி நேர உச்சவரம்போடு ஏற்கலாம். பதில் வரைவு தயார். வியாழன் அங்கே விடுமுறை.
4. ஒப்புதல்: முலாம் பட்டறை பில் 2.6 லட்சம். 45 நாள் கெடு ஜூன் 20. புதன் பணம் அனுப்பும் நாள்.
5. முடிவு: வியாழன் பகல் மின்தடை அறிவிப்பு. ஜெனரேட்டர் வாடகைக்கா, அன்றைய ஷிஃப்டை ஞாயிறுக்கு மாற்றுவதா? புரொடக்‌ஷன் சொல்வது ஞாயிறு. ஆட்களுக்குச் செவ்வாயே சொல்ல வேண்டும்.

*பிறகு*
6. தேர்வு: பிரோஷர் படங்கள், ஜூலை முதல் வாரம் போதும்.

*மற்றவர்கள் கையில்*
முழு 8டி: குவாலிட்டி, ஜூன் 24. ஜிஎஸ்டிஆர்-3பி: அக்கவுன்ட்ஸ், ஜூன் 20.

*நிறுத்தி வைத்தது*
வங்கிக் கணக்கு மாற்ற மெயில். முகவரியில் ஓர் எழுத்து வித்தியாசம். அக்கவுன்ட்ஸ் பழைய எண்ணில் பேசிக்கொண்டிருக்கிறது, அதுவரை பணம் போகாது.

முப்பதுக்கும் மேற்பட்ட ஃபார்வர்டுகளிலிருந்து அவருக்கு ஆறே வரி. ஏழெட்டைத் தாண்டினால் பிரிப்பதில் எங்கோ தளர்ந்துவிட்டீர்கள் என்று பொருள், "மற்றவர்கள் கையில்" போக வேண்டியது மேலே நிற்கிறதா என்று பாருங்கள்.

அனுப்புவதும் அதன் பிறகும்

பட்டியலை மெயிலின் உள்ளேயே எழுதுங்கள், எக்செல் இணைப்பாக வேண்டாம். துமகூரு ரோடு டிராஃபிக்கில் பின்சீட்டில் உட்கார்ந்து கைபேசியில்தான் அவர் வாசிப்பார், அங்கே அட்டவணையின் பத்திகள் பாதியில் வெட்டிப்போகும். தலைப்பில் தேதியும் "6 வேலை, திங்கட்கிழமைக்குள் 2" என்பதும் இருந்தால் திறக்காமலேயே நிலைமை புரியும். சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை போன்றவை உள்ள வரியின் விவரத்தை இதில் எழுத வேண்டாம். இந்தப் பட்டியலையும் அவர் யாருக்காவது ஃபார்வர்டு செய்யக்கூடும். மேலே இரண்டாவது வரியில் தொகை இல்லாமல் "நீங்கள் பேசி முடித்ததே" என்று விட்டது அதற்காகத்தான்.

உங்களுக்கே விளங்காத மெயில் ஒன்றிரண்டு மிஞ்சும். ஊகித்து வரியாக்காதீர்கள். அடியில் கேள்வியாகவே வையுங்கள், ஆனால் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

திங்கள் காலை அவரிடமிருந்து பதில் "1 முதல் ஆள், 2 ஓகே, 3 அனுப்பு, 5 ஞாயிறு" என்று வரும். வந்த உடனே ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறைக்கு அவருடைய வார்த்தையிலேயே எழுத்தில் அனுப்பி, தாளில் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். நாலாவதை விட்டுவிட்டாரே, கவனித்தீர்களா? வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, கண்ணில் படாமல் போயிருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் செவ்வாய் காலை தனியாக அனுப்புங்கள்: "சார், முலாம் பட்டறை பில், இன்று மாலைக்குள் ஒப்புதல் வேண்டும், நாளை பணம் அனுப்பும் நாள்." அப்படியும் மதியம் வரை பதில் இல்லையென்றால் போன் செய்துவிடுங்கள்.